100 டிகிரி காய்ச்சலும் 7.6 சராசரியும்: மதிப்பெண் பட்டியலை ரஷ்ய மொழிக்குக் கொண்டுபோவது எப்படி

ரஷ்யாவில் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்குச் சான்றிதழ் மொழிபெயர்த்துத் தருவது என் வேலை. வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "என் 7.6 சராசரி ரஷ்யாவில் எவ்வளவு? அதையே போட்டுக் கொடுத்துவிடுங்களேன்."

மதிப்பெண்ணை அந்த நாட்டு எண்ணாக மாற்றித் தருவதும் மொழிபெயர்ப்பில் அடக்கம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். பட்டத்தின் பெயரையும் அங்கே இருக்கும் ஏதோ ஒரு பெயராக மாற்றிவிடலாம் என்று நினைக்கிறார்கள். இரண்டும் தவறு. இரண்டுமே விண்ணப்பத்தைக் கெடுக்கக் கூடியவை. ஏன் என்று படிப்படியாகப் பார்க்கலாம். ரஷ்ய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## 100 டிகிரி என்றால் என்ன?

நம் வீட்டில் குழந்தைக்கு 100 டிகிரி காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரை கொடுத்துப் படுக்க வைப்போம். அதே சொல்லை அப்படியே ஒரு ரஷ்யப் பாட்டியிடம் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. அவர் வீட்டு வெப்பமானியில் இருப்பது செல்சியஸ். அங்கே 100 டிகிரியில் தண்ணீர் கொதிக்கும். நாம் சொல்வது ஃபாரன்ஹீட் என்று கூடவே சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும்.

மதிப்பெண்ணும் அப்படித்தான். 7.6 என்பது தனியாக நின்றால் வெறும் எண். உச்சம் 10, தேர்ச்சிக்கு 5 வேண்டும் என்ற அளவுகோல் பக்கத்தில் இருந்தால்தான் அது ஒரு செய்தி.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 100 ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸாக மாற்ற 1.8 ஆல் வகுத்தால் மட்டும் போதாது. அப்படிச் செய்தால் 55 டிகிரிக்கு மேல் வரும். அந்தச் சூட்டில் யாரும் உயிரோடு இருக்க முடியாது. முதலில் 32 கழிக்க வேண்டும், அப்புறம்தான் வகுக்க வேண்டும். அப்போது 37.8 வரும். இரண்டு அளவுகோல்களும் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை என்பதுதான் காரணம். இந்த 32 ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

## ரஷ்யாவின் ஐந்து

ரஷ்யக் கல்வியில் மதிப்பெண் 5 வரை. ஆனால் பெயரளவில்தான் ஐந்து படிகள். 1 என்ற மதிப்பெண் பல்கலைக்கழகத்தில் புழக்கத்தில் இல்லை. மிச்சம் நான்கு. 5 க்கு 'அத்லீச்னா', அதாவது மிகச் சிறப்பு. 4 க்கு 'ஹரஷோ', நன்று. 3 க்கு 'உதவ்லித்வரீத்தில்னா', போதுமானது. 2 என்றால் அதற்கு எதிர்ச்சொல், போதாது, அதாவது தோல்வி.

ஆகத் தேர்ச்சி பெற்றவர்களுக்கு மூன்றே படிகள்: 3, 4, 5. பல்கலைக்கழகப் பட்டயத்தின் இணைப்புத் தாளில் பெரும்பாலும் எண்ணைவிட இந்தச் சொற்களே எழுதப்பட்டிருக்கும்.

இவற்றோடு 'ஸச்சோத்' என்று ஒன்று உண்டு. சில பாடங்களுக்கு மதிப்பெண்ணே கிடையாது, முடித்தாரா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. முடித்திருந்தால் 'ஸச்தினோ' என்று எழுதுவார்கள். நம் பட்டியல்களில் சில கட்டாயப் பாடங்களுக்கு மதிப்பெண் இல்லாமல் 'முடித்தார்' என்று மட்டும் போட்டிருக்கும் அல்லவா, அதற்கு இந்தச் சொல் சரியாகப் பொருந்தும்.

இதுவரை பார்த்தது: எண்ணோடு அளவுகோலும் பயணிக்க வேண்டும். ரஷ்ய அளவுகோல் 5 வரை இருந்தாலும், தேர்ச்சி 3 இல்தான் தொடங்குகிறது.

## பாதியாக்கும் பிழை

10 இல் 7.6. அங்கே 5 தானே உச்சம்? அப்படியானால் பாதி, 3.8. இதுதான் எல்லோரும் போடும் கணக்கு. மாணவர்கள் மட்டுமல்ல, சில முகவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்.

இந்தக் கணக்கு தவறு என்பதைத் தேர்ச்சி எல்லையை வைத்தே கண்டுபிடிக்கலாம். அந்த மாணவரின் பல்கலைக்கழகத்தில் 5 எடுத்தால் தேர்ச்சி. 5 இல் பாதி 2.5. ரஷ்யாவில் அது 3 க்குக் கீழே, அதாவது தோல்வி. நேர்மையாகத் தேறிய ஒருவரை வெறும் வகுத்தல் கணக்கு தோற்கடித்துவிடுகிறது. 32 ஐக் கழிக்காமல் வகுத்த அதே பிழைதான் இது.

சரியாகச் செய்ய வேண்டுமானால் தேர்ச்சி எல்லையைத் தேர்ச்சி எல்லையோடும், உச்சத்தை உச்சத்தோடும் பொருத்த வேண்டும். நம் 5 அங்கே 3. நம் 10 அங்கே 5. நடுவில் இருப்பவை அதே விகிதத்தில் விழும். கணக்காக எழுதினால் இப்படி:

```
R = 3 + 2 × (N − Nmin) ÷ (Nmax − Nmin)
R = 3 + 2 × (7.6 − 5) ÷ (10 − 5) = 4.04
```

இதில் N என்பது நம் மதிப்பெண், Nmin நம் தேர்ச்சி எல்லை, Nmax நம் உச்சம். விடை 4.04. பாதியாக்கியபோது 3.8 வந்தது. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் விண்ணப்பத்துக்குச் சராசரி 4 வேண்டும் என்று ஒரு துறை கேட்டால், ஒரு கணக்கில் அவர் உள்ளே, இன்னொரு கணக்கில் வெளியே.

இதே மாணவரின் பல்கலைக்கழகத்தில் தேர்ச்சி எல்லை 4 ஆக இருந்திருந்தால் அதே 7.6 க்கு 4.2 வரும். எண் மாறவில்லை, அளவுகோல் மாறியது, விடையும் மாறிவிட்டது. அதனால்தான் இணையத்தில் கிடைக்கும் 'இந்திய மதிப்பெண்ணுக்கு ரஷ்ய மதிப்பெண்' என்ற பொது அட்டவணைகளை நான் நம்புவதில்லை. இந்திய மதிப்பெண் என்று ஒன்று கிடையாது. இந்தப் பல்கலைக்கழகத்தின், இந்த ஆண்டு விதிமுறையின் மதிப்பெண் என்றுதான் உண்டு.

இந்தக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு பக்கமும் படிகள் ஒரே சீராக ஏறுகின்றன என்று அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அப்படி இல்லை. ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உள்ளுக்குள் 100 புள்ளி முறை ஓடுகிறது. எத்தனை புள்ளிக்கு 4, எத்தனைக்கு 5 என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆகவே 4.04 என்பது நீங்கள் உங்கள் நிலையைத் தோராயமாகப் புரிந்துகொள்ள மட்டும். ஆவணத்தில் எழுத அல்ல.

## மாற்றுவது யார் வேலை?

மொழிபெயர்ப்பாளரின் வேலை மூலத்தில் இருப்பதை ரஷ்ய மொழியில் சொல்வது. அந்த மதிப்பெண் அங்கே எதற்குச் சமம் என்று முடிவு செய்வது விண்ணப்பத்தைப் பெறும் பல்கலைக்கழகத்தின் வேலை. வெளிநாட்டுப் படிப்பை ஏற்பது பற்றி ரஷ்யாவின் 2012 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில், 273 எண் கொண்டது, 107 ஆவது பிரிவு தனியாகவே இருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு அதில் எந்த அதிகாரமும் இல்லை.

மீறி மாற்றினால் என்ன ஆகும்? ஒரு மாணவரின் பட்டியலை, வேறு எங்கோ செய்த மொழிபெயர்ப்போடு என்னிடம் கொண்டுவந்தார்கள். மொழிபெயர்த்தவர் உதவி செய்வதாக நினைத்து, 7 என்று இருந்த இடத்தில் எல்லாம் 4 என்று தட்டியிருந்தார், ரஷ்யாவில் அது 'நன்று' என்பதால். ஆனால் பின்பக்கத்து விளக்கத்தை உள்ளது உள்ளபடி மொழிபெயர்த்திருந்தார். அதில் '5 க்குக் கீழே தோல்வி' என்று இருக்கிறது. படிப்பவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நன்றாகப் படித்த மாணவர் பாடத்துக்குப் பாடம் தோற்றவராகத் தெரிகிறார். முழுவதையும் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

சமமான மதிப்பெண் வேண்டும் என்று பெறும் பல்கலைக்கழகமே கேட்டால், அவர்கள் எந்த முறையைப் பின்பற்றுகிறார்கள் என்று எழுதிக் கேளுங்கள். அந்தக் கணக்கைத் தனித் தாளில் கொடுங்கள். மொழிபெயர்ப்புக்குள் கலக்காதீர்கள்.

## பின்பக்கம்தான் முக்கியம்

மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஓர் அட்டவணை இருக்கும். எந்த எழுத்துக்கு எத்தனை புள்ளி, எத்தனை சதவீதம் என்பது அதில் இருக்கும். அதுதான் அளவுகோல். பலர் அதை நகலே எடுப்பதில்லை. நானும் தொடக்க காலத்தில் ஒருமுறை முன்பக்கத்தை மட்டும் மொழிபெயர்த்து அனுப்பினேன். மாணவிக்கு ஒரு கடிதம் வந்தது: 65 சதவீதம் என்றால் உங்கள் ஊரில் என்ன பொருள்? நம் ஊரில் 65 முதல் வகுப்பு. அளவுகோல் தெரியாத கண்ணுக்கு அது தட்டுத்தடுமாறித் தேறியது போலத் தெரியும். பின்பக்கத்தை மொழிபெயர்த்து அனுப்பிய பிறகுதான் விஷயம் தெளிவானது. அதற்குள் மூன்று வாரம் போய்விட்டது.

அந்த அட்டவணையை மொழிபெயர்க்கும்போது சொற்களில் ஒரு சிக்கல் வரும். பொறியியல் பட்டியல் ஒன்றில் O, A+, A, B+, B, C, U என்று வரிசை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் அவுட்ஸ்டாண்டிங், எக்ஸலன்ட், வெரி குட், குட் என்று போட்டிருக்கும்.

எக்ஸலன்ட் என்பதற்கு ரஷ்யச் சொல் அத்லீச்னா. ஆனால் அங்கே அது உச்சப் படியின் அதிகாரப்பூர்வப் பெயர், இங்கே இரண்டாவது படி. வெரி குட் என்ற படியே அங்கே கிடையாது. அவுட்ஸ்டாண்டிங் இன்னும் மோசம். அந்தச் சொல்லுக்கு 'தலைசிறந்த' என்ற பொருளோடு 'பாக்கி நிற்கிற, செலுத்தப்படாத' என்ற பொருளும் அகராதியில் உண்டு. அவசரத்தில் இரண்டாவதை எடுத்தால், முதல் மதிப்பெண் வாங்கிய பாடம் முடிக்காத பாடமாகிவிடும்.

நான் செய்வது இதுதான். எழுத்தை அப்படியே விடுகிறேன், புள்ளியை அப்படியே விடுகிறேன், சொல்லை மட்டும் மொழிபெயர்க்கிறேன். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் குழப்பம் வராது:

```
O  – «выдающийся результат» – 10
A+ – «отлично» – 9
A  – «очень хорошо» – 8
B+ – «хорошо» – 7
B  – «средний уровень» – 6
C  – «удовлетворительно» – 5
U  – «требуется повторная сдача» – 0
```

எழுத்தை ஏன் அப்படியே விட வேண்டும்? ரஷ்ய எழுத்துகளில் B போலவே இருக்கும் எழுத்துக்கு 'வ' ஒலி, C போல இருப்பதற்கு 'ஸ' ஒலி. யாராவது B ஐ ரஷ்ய 'ப' எழுத்தாக மாற்றினால், மூலத்தோடு ஒப்பிடும்போது அது வேறு மதிப்பெண்ணாகத் தெரியும்.

புள்ளியிலும் ஒரு சிறு விஷயம். ரஷ்ய மொழியில் தசமத்துக்குக் காற்புள்ளி, அதாவது 7.6 ஐ 7,6 என்று எழுதுவார்கள். நம் பட்டியலில் மொத்த மதிப்பெண் 1,200 என்று இருந்தால் அதை அப்படியே விடக் கூடாது. அங்கே அது ஒன்று புள்ளி இரண்டு என்று படிக்கப்படலாம். காற்புள்ளியை எடுத்துவிட்டு இடைவெளி விட வேண்டும்.

சுருக்கமாக: மதிப்பெண்ணை மாற்றாதீர்கள், அளவுகோலை விடாதீர்கள், எழுத்து அப்படியே இருக்கட்டும்.

## பட்டத்துக்கு என்ன பெயர்?

ரஷ்யாவில் பல்கலைக்கழகப் படிப்பு நாம் பழகியதைவிடக் கொஞ்சம் வேறு மாதிரி. முதல் படி 'பகலாவ்ர்', வழக்கமாக 4 ஆண்டு, நம் இளநிலை போல. அடுத்தது 'மகீஸ்த்ர்', 2 ஆண்டு, நம் முதுநிலை போல. இவை இரண்டையும் தவிர 'ஸ்பெத்சியலீஸ்த்' என்று சோவியத் காலத்திலிருந்து வரும் ஒரு வழி உண்டு. நேராக 5 ஆண்டோ அதற்கு மேலோ படிக்கிற ஒரே நீண்ட படிப்பு. மருத்துவம் அப்படித்தான், 6 ஆண்டு. இவற்றுக்கெல்லாம் மேலே ஆய்வுப் பட்டங்கள்: முதலில் 'கந்திதாத் நவூக்', அதற்கும் மேலே 'தோக்தர் நவூக்'.

இப்போது நம் பி.இ. பட்டத்துக்கு வருவோம். பொறியியல் படித்தவர் 'இன்ஜினியர்' தானே, ரஷ்யனிலும் அப்படியே எழுதலாமே என்று தோன்றும். கூடாது. அங்கே 'இன்ஜெனேர்' என்பது அந்த நீண்ட படிப்பை முடித்தவருக்குத் தரப்பட்ட தகுதிப் பெயர். அதை எழுதினால் 4 ஆண்டு படித்தவருக்கு இல்லாத தகுதியைக் கொடுத்ததாகிறது. ஆவணத்தைச் சரிபார்ப்பவர் கண்டுபிடித்துவிட்டால், மிச்ச எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்ப்பார். 'பொறியியலில் பகலாவ்ர்' என்று எழுதுவதே சரி.

ஆய்வுப் பட்டத்தில் பிழை இரண்டு வழியிலும் வரலாம். பிஎச்.டி. என்பதைத் 'தோக்தர் நவூக்' என்று மாற்றினால் மிகைப்படுத்தல். அது கந்திதாத்துக்குப் பிறகு இன்னொரு பெரிய ஆய்வேடு எழுதி வாங்குவது. சரி, நெருக்கமாக இருக்கிறதே என்று 'கந்திதாத்' என்று எழுதினால், அவர் வாங்காத ஒரு பட்டத்தின் பெயரைப் போட்டதாகிறது. இரண்டும் வேண்டாம். 'தத்துவத்தில் டாக்டர்' என்று சொல்லுக்குச் சொல் எழுதி, பக்கத்தில் மூலச் சுருக்கத்தைப் போடுவதுதான் அங்கே எல்லோருக்கும் புரியும் வழி.

```
B.E.    – бакалавр инженерии (B.E.)
B.Sc.   – бакалавр наук (B.Sc.)
M.Sc.   – магистр наук (M.Sc.)
M.Phil. – магистр философии (M.Phil.)
Ph.D.   – доктор философии (Ph.D.)
```

எம்.ஃபில். இந்த வரிசையில் தனித் தொல்லை. சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'தத்துவத்தில் மகீஸ்த்ர்' என்று வரும். வேதியியலில் எம்.ஃபில். செய்தவரைத் தத்துவம் படித்தவர் என்று நினைத்துவிடுவார்கள். அதனால் பட்டத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே துறையின் பெயர் வரும்படி பார்த்துக்கொள்வேன். பி.ஏ. வுக்கும் அதே கதி. நேரடி மொழிபெயர்ப்பு 'கலைகளில் பகலாவ்ர்' என்று வரும். வரலாறு படித்தவர் ஓவியமோ இசையோ படித்தவராகத் தெரிவார். அங்கும் துறைப் பெயர்தான் காப்பாற்றும்.

முதுநிலையில் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊரில் 'போஸ்ட் கிராஜுவேட்' என்றால் எம்.எஸ்சி., எம்.ஏ. ரஷ்ய அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினால் 'அஸ்பிரந்தூரா' என்று வரும். அது முதுநிலைக்கு அடுத்த ஆய்வுப் படிப்பு. எம்.எஸ்சி. முடித்தவர் அஸ்பிரந்தூரா முடித்தவராகிவிடுவார். ஒரே சொல்லில் ஒரு மாடி ஏறிவிடுகிறோம்.

## 'சிறப்பு' என்ற சொல்லும் சிவப்பு அட்டையும்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தவறு நடந்தால் அது பொய்ச் சான்று போலத் தெரியும்.

ரஷ்யாவில் மிக நன்றாகப் படித்தவர்களுக்குப் பட்டயம் சிவப்பு அட்டையில் வரும். அதன் பெயரில் 'ஸ் அத்லீச்சியெம்' என்று இருக்கும், 'சிறப்புடன்' என்று பொருள். அதற்கு விதிகள் கறாரானவை. இணைப்புத் தாளில் ஒரு 3 கூட இருக்கக் கூடாது. மதிப்பெண்களில் குறைந்தது 75 சதவீதம் 5 ஆக இருக்க வேண்டும். இறுதி அரசுத் தேர்வும் ஆய்வேடும் 5 பெற வேண்டும்.

நம் ஊரில் 'பர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்ஷன்' என்று ஒன்று இருக்கிறது. அதன் விதிகள் வேறு. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அதை மொழிபெயர்க்கும்போது 'முதல் வகுப்பு, சிறப்புடன்' என்று எழுதலாம், 'முதல் வகுப்பு' என்ற சொல்லை விடாமல். விட்டுவிட்டு 'சிறப்புப் பட்டயம்' என்று மட்டும் எழுதினால் அது சிவப்பு அட்டை ஆகிவிடும்.

'ஹானர்ஸ்' இதைவிட ஏமாற்றும். பி.எஸ்சி. ஹானர்ஸ் என்பது ஒரு பாடத்தில் ஆழமாகப் படிக்கும் படிப்பு வகை. சுமாராகத் தேறியவரும் ஹானர்ஸ் பட்டதாரிதான். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் 'ஸ் அத்லீச்சியெம்' என்று எழுதும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. சுமாரான மதிப்பெண்களுக்கு மேலே அந்தச் சொல் நின்றால் படிப்பவர் என்ன நினைப்பார்?

திரும்பிப் பார்த்தால்: பட்டத்துக்கு அந்த ஊர்ப் பெயர் தேடாதீர்கள். இருக்கும் பெயரைச் சொல்லி, மூலச் சுருக்கத்தையும் துறையையும் பக்கத்தில் வையுங்கள்.

## கல்லூரி, டிப்ளமோ, கிரெடிட்: ஒரே ஒலி, வேறு பொருள்

சில சொற்கள் இரு பக்கமும் ஒன்றுபோல ஒலிக்கும், ஆனால் பொருள் வேறு. 'கோலெஜ்' என்றால் ரஷ்யாவில் பெரும்பாலும் தொழிற்பயிற்சி தரும் இடம், நம் பாலிடெக்னிக் போல. நம் பொறியியல் கல்லூரியின் பெயரில் அந்தச் சொல் இருந்தால் அதை மாற்ற முடியாது, பெயர் பெயர்தான். ஆனால் எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்ற வரியை ஒருபோதும் விடக் கூடாது. அந்த ஒரு வரிதான் இது பல்கலைக்கழகப் படிப்பு என்று சொல்கிறது.

டிப்ளமோ இதற்கு நேர்மாறு. அங்கே 'திப்லோம்' என்றால் பெரும்பாலோர் பல்கலைக்கழகப் பட்டயத்தையே நினைப்பார்கள். பாலிடெக்னிக் டிப்ளமோவை அப்படியே எழுதினால் பட்டப்படிப்பாகத் தெரியும். 'அத்தெஸ்தாத்' என்பது அங்கே பள்ளி இறுதிச் சான்று. பட்டச் சான்றிதழுக்கு அந்தச் சொல்லைப் போட்டால் பன்னிரண்டாம் வகுப்பாகிவிடும்.

கிரெடிட்தான் இவற்றில் சேதம் மிகுந்தது. ரஷ்யாவில் பாடச் சுமையை அளக்க ஓர் அலகு உண்டு. ஓர் அலகு 36 கல்வி மணி நேரம், மாணவர் வீட்டில் படிப்பதும் சேர்த்து. ஓர் ஆண்டுக்கு 60 அலகு, 4 ஆண்டு இளநிலைக்கு 240. நம் கிரெடிட் வேறு. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு ஒரு பருவம் முழுக்க நடந்தால் அது ஒரு கிரெடிட். பொறியியல் படிப்புக்கு 160 ஐ ஒட்டி வரும். நம் கிரெடிட்டை அவர்களுடைய அலகின் பெயரால் மொழிபெயர்த்தால், 240 வேண்டிய இடத்தில் 160 தான் இருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு படிக்கவே இல்லை என்று ஆகிவிடும். 'கிரெடித்' என்றே ஒலிபெயர்த்து, ஒரு கிரெடிட் என்றால் என்ன என்ற விளக்கம் மூலத்தில் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.

பாடப் பெயர்களில் மட்டும் எதிர் விதி. அங்கே சொல்லுக்குச் சொல் போகக் கூடாது, அந்தத் துறையினர் புழங்கும் பெயரைத்தான் போட வேண்டும். இயந்திரவியல் மாணவர்களின் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாடத்துக்கு அகராதி 'பொருள்களின் வலிமை' என்று தரும். ரஷ்யப் பொறியாளர்கள் அந்தப் பாடத்தைப் 'பொருள்களின் எதிர்ப்பு' என்கிறார்கள், செல்லமாகச் 'சப்ரமாத்'. நுழைவுக் குழுவில் இருப்பவர் இந்தப் பெயரைத்தான் பட்டியலில் தேடுவார்.

பட்டத்தில் மட்டும் நேரடியாக, பாடத்தில் மட்டும் வழக்குப்படி, இது முரண் இல்லையா? இல்லை. பாடம் இரு நாட்டிலும் ஒன்றேதான், பெயர்தான் வேறு. பட்டம் அப்படி அல்ல, அதைக் கொடுக்கும் சட்டமே வேறு.

## பெயரும் முத்திரையும்

தமிழ்ப் பெயர்களை ரஷ்ய எழுத்தில் கொண்டுபோவது பலரைச் சிக்கலில் மாட்டியிருக்கிறது. எழிலரசி என்ற பெயரை ஆங்கில வழியாகப் பார்த்து ஒருவர் 'எஜிலரசி' என்று எழுதுவார், இன்னொருவர் 'எலிலரசி' என்பார். இரண்டும் நம் ழகரம் அல்ல, ரஷ்யனில் அந்த ஒலியே இல்லை. எது சரி என்று வாதிடுவதைவிட, கடவுச்சீட்டின் மொழிபெயர்ப்பில் எது இருக்கிறதோ அதையே எல்லாத் தாள்களிலும் வைத்துக்கொள்வதே முக்கியம். பெயரின் முன்னெழுத்து கடவுச்சீட்டில் அப்பா பெயராக விரிந்திருக்கும், மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்தாக நிற்கும். இருவரும் ஒருவரே என்று விளக்கக் கடிதம் தேவைப்படலாம், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

முத்திரைகளின் வரிசையும் முக்கியம். 'அப்போஸ்டில்' என்பது ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான சான்று முத்திரை. அந்த ஒப்பந்தம் ரஷ்யாவில் 1992 முதலும் இந்தியாவில் 2005 முதலும் நடைமுறையில் இருக்கிறது. பல்கலைக்கழகம் அதைக் கேட்டிருந்தால் முதலில் முத்திரை, அப்புறம் மொழிபெயர்ப்பு. முத்திரையில் இருப்பதும் மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்பதால்தான் இந்த வரிசை. தலைகீழாகச் செய்தவர்கள் இரண்டு முறை பணம் கட்டுகிறார்கள்.

நோட்டரி பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ரஷ்ய நோட்டரிக்கு மூல மொழி தெரியாவிட்டால் அவர் சான்றளிப்பது மொழிபெயர்ப்பின் சரித்தன்மையை அல்ல, மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தை மட்டுமே. மொழிபெயர்ப்பு ஆவண நகலோடு நூலால் தைக்கப்பட்டு, பக்க எண் போட்டு, முத்திரையிடப்பட்டு வரும். பார்க்க மிடுக்காக இருக்கும். உள்ளே 7 இருக்க வேண்டிய இடத்தில் 4 இருந்தாலும் அதே மிடுக்குதான்.

ஆகவே தைப்பதற்கு முன்பே வரைவைக் கேட்டு வாங்குங்கள். ரஷ்யன் தெரியாமலே பார்க்கக் கூடியவை நிறைய உண்டு. மூலத்தில் 52 பாட வரிகள் இருந்தால் மொழிபெயர்ப்பிலும் 52 இருக்கிறதா என்று எண்ணுங்கள். மதிப்பெண் நெடுவரிசையில் விரலை வைத்து ஒவ்வோர் எண்ணாக ஒப்பிடுங்கள். எழுத்துகள் ஆங்கில வடிவத்திலேயே நிற்கின்றனவா? பின்பக்க அட்டவணை வந்திருக்கிறதா? பட்டப் பெயருக்குப் பக்கத்தில் மூலச் சுருக்கம் இருக்கிறதா? உங்கள் பெயரின் ரஷ்ய வடிவத்தைக் கடவுச்சீட்டு மொழிபெயர்ப்போடு எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பாருங்கள், படம் பார்ப்பது போலப் பார்த்தாலே போதும். அரை மணி நேரம் ஆகும். நூல் தைத்துவிட்டால் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் முழுவதையும் பிரித்து மறுபடி செய்ய வேண்டும்.